மணியில் கிளம்பும் வெளிர் பச்சைத் தூள்

கேள்வி: ஊர்காவற்றுறையில் எங்கள் வளவில் மலசலகூடக் குழி வெட்டும்போது ஒரு சின்ன வெண்கல மணியும் ஆறு செப்புக் காசுகளும் வந்தன. கிணற்றுத் தண்ணீரில் கழுவி அலுமாரிக்குள் வைத்தேன். மாரி தொடங்கிய பிறகு மணியின் விளிம்பில் வெளிர் பச்சையாகத் தூள் கிளம்புகிறது. தட்டிவிட்டாலும் ஒரு கிழமையில் திரும்ப வந்துவிடுகிறது. பழைய பித்தளை வாங்க வருகிறவர், புளியில் ஊறவைத்தால் போய்விடும், இல்லாவிட்டால் தன்னிடம் தந்தால் மருந்து போட்டுத் தருவேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அவரிடம் கொடுக்காதீர்கள். புளியும் வேண்டாம். இன்றைக்கே ஈரம் புகாத பெட்டி ஒன்றை வாங்கி மணியையும் காசுகளையும் அதற்குள் உலரவையுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நீங்கள் சொல்கிற அடையாளங்கள் வெண்கல நோய்க்கு உரியவை. உவர் மண்ணில் நெடுங்காலம் கிடந்த செம்பு, மண்ணிலுள்ள குளோரைடை இழுத்துக்கொள்ளும். அது பச்சைப் படலத்துக்கு அடியில், உலோகத்தை ஒட்டி, செப்புக் குளோரைடாகப் படிந்திருக்கும். மண்ணுக்குள் இருந்தவரை பேசாமல் கிடந்தது, வெளியே எடுத்ததும் காற்றும் ஈரமும் பட்டு மாறத் தொடங்குகிறது. மாறும்போது ஊதிப் பெருத்துத் தூளாகி மேற்படலத்தை வெடிக்கவைக்கிறது. கூடவே சிறிது அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் உள்ளே மிஞ்சியிருக்கும் நல்ல செம்பைத் தின்று மறுபடி குளோரைடாக்குகிறது. அதனால்தான் தட்டத் தட்ட வருகிறது. கிருமி எதுவும் இதில் இல்லை.

காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 42 முதல் 46 சதவீதத்தைத் தாண்டும்போது இது தொடங்கும், 55க்கு மேல் விரைவுபடும். யாழ்ப்பாணத்துக் காற்றில் பெரும்பாலும் 70க்கு மேல் இருக்கிறது. பூட்டிய அலுமாரியால் அதைத் தடுக்க முடியாது. கிணற்றுத் தண்ணீரில் கழுவியதும் உதவவில்லை, தீவுப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் உப்புத்தான். இனிக் கழுவ வேண்டாம்.

பச்சையாக இருப்பதெல்லாம் நோய் அல்ல. கரும்பச்சையாகவோ செம்பழுப்பாகவோ, இறுக்கமாக, நகத்தால் உரசினாலும் உதிராமல் இருக்கும் படலம் நல்லது, அதைத் தொடக்கூடாது. நோய்ப்பட்ட இடம் வெளிறி, மாவாக, சிறு குழிகளிலிருந்து பொங்கி வரும்.

இன்னுமொரு பச்சை உண்டு. இதைப் பார்த்துப் பயந்து என்னிடம் குத்துவிளக்குக் கொண்டு வருகிறவர்கள் அதிகம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாட்பட்டுப் புளித்து, அந்த அமிலம் செம்போடு சேர்ந்தால் மெழுகு மாதிரி ஒரு பச்சைப் பிசின் உண்டாகும். திரி வைக்கும் வாயிலும், தண்டு பூட்டும் புரியிலும், எண்ணெய் வழிந்து தேங்கும் அடியிலும் அதைக் காணலாம். விரலில் ஒட்டும், குச்சியால் வழித்தால் சுருண்டு வரும், தூளாகாது. மண்ணையே காணாத, வழிவழியாகப் பூசையறையில் இருந்த விளக்கில் பெரும்பாலும் இதுதான். சிறிது ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும், எண்ணெய் தேங்காதவரை திரும்பாது. அதைக் கண்டு விளக்கைக் கரைசலில் போட ஓடாதீர்கள். உங்கள் மணி மண்ணிலிருந்து வந்தது, தூளும் திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே இந்த விலக்கு அதற்குப் பொருந்தாது.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் அடிமட்டத்தோடு படம் எடுங்கள். கையுறை போட்டு, வெள்ளைத் தாளின் மேல் வைத்து, மென்மையான உலர்ந்த தூரிகையால் தானாக உதிரும் தூளை மட்டும் தட்டுங்கள். மணிக்குள் அடைந்திருக்கும் மண்ணைத் தோண்ட வேண்டாம், நாக்கு இரும்பாக இருந்து துருப்பிடித்து அதற்குள் ஒட்டியிருக்கலாம். பிறகு, உணவு வைக்கும், நான்கு பக்கமும் கொளுவி இறுக்குகிற பிளாஸ்டிக் பெட்டியில் 2 லீற்றர் அளவானதை எடுங்கள். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கால் கிலோ அளவில் துணிப்பையில் கட்டி அதில் இடுங்கள். கமராக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மணியையும் காசுகளையும் சிறு துளையிட்ட தனித்தனிப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, கீழே வெள்ளைத் தாள் விரித்து வையுங்கள். சின்ன ஈரமானி ஒன்றும் உள்ளே இருக்கட்டும். அது 35க்குக் கீழே நிற்க வேண்டும். ஜெல்லின் நிறம் மாறினால் 110 பாகை அளவிலான அவனில் சில மணி நேரம் காயவைத்து, மூடிய போத்தலில் ஆறவிட்டுத் திரும்பப் போடலாம். அரிசி இந்த வேலைக்கு ஆகாது, எங்கள் காற்றில் அரிசியே ஈரத்தோடுதான் இருக்கும். மரப்பெட்டியும் வேண்டாம், மரத்திலிருந்து வரும் அமில ஆவி செம்புக்குக் கேடு.

இரண்டு கிழமை கழித்துத் தாளைப் பாருங்கள். புதிய தூள் இல்லை, ஈரமானியும் 40ஐத் தாண்டவில்லை என்றால் நின்றுவிட்டது. குணமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம், உப்பு உள்ளேயே இருக்கிறது. உறவினருக்குக் காட்டவென்று மாரி நாளில் வெளியே வைத்தால் மறுபடி தொடங்கும்.

இப்போது புளிக்கு வருகிறேன், இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் ஆட்கள் கேட்பதில்லை. அடுக்களைப் பித்தளைக்கு உப்பும் புளியும் சேர்த்துத் தேய்க்கிறோமே, அது குளோரைடையும் அமிலத்தையும் ஒருசேரக் கொண்டுபோய் வைப்பது. முதல் நாள் செப்பு பளபளக்கும், மழை வந்தால் முன்னையிலும் மோசமாகப் பொங்கும். காசுக்கு இழப்பு இன்னும் பெரிது. ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது நாணயத்தில் நந்தியும் அதன் கீழ் 'சேது' என்ற எழுத்தும் இருக்கும். நன்றாக அரித்த காசில் அந்த எழுத்து நிற்பது உலோகத்தில் அல்ல, படலத்தில். படலத்தைக் கரைத்தால் மிஞ்சுவது வெறும் செப்புத் தகடு.

‘மருந்து’ என்று அவர் சொல்வது பெரும்பாலும் நகை வேலைக்கு வைத்திருக்கும் அமிலம். கரைத்துவிட்டு, பச்சைச் சாயமோ வார்னிசோ பூசித் தருவார்கள். ஈரத்தையும் உப்பையும் உள்ளே அடைத்துப் பூசிய பொருள் வெளியே அழகாக இருந்துகொண்டே உள்ளே உளுத்துப் போகும். நல்ல காசு அவரோடு போய் வேறொன்று திரும்பி வந்தால் நீங்கள் எதைக் காட்டிக் கேட்பீர்கள்?

உண்மையான சிகிச்சை ஆய்வுகூடத்துக்குரியது. பென்சோட்ரையசோல் என்ற பொருளை மதுசாரத்தில் 3 சதவீத அளவில் கரைத்து, பொருளை ஒரு நாள் அளவில் ஊறவைத்து, உலர்த்தி, அரக்குப் பூசுவார்கள். அது நச்சு, வீட்டில் தொடக்கூடாது. அது உப்பை எடுப்பதுமில்லை, செம்பின் மேல் ஒரு தடுப்பைத்தான் கட்டுகிறது. கடுமையாகப் பீடித்த பொருளில் பலனளிக்காமலும் போகும். ஆகவே அதற்குப் பிறகும் உலர்ந்த பெட்டி வேண்டும்.

கடைசியாக, 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி நிலத்தில் இருந்து கிடைத்த இவை அரசுக்குரியவை. கிராம அலுவலர் ஊடாகத் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கையளித்த பொருள் பொலித்தீன் பையில், லாச்சிக்குள், இரண்டு மாரி கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். பொருளைப் பெற்ற பதிவில் அது எத்தனை, எங்கே கிடைத்தது என்று எழுத இடம் இருந்தது, எந்த நிலையில் இருந்தது என்று எழுத ஒரு வரியும் இல்லை. அறிவிக்கச் சொல்கிற சட்டம் 80 வருடத்துக்கு மேலாக இருக்கிறது, வாங்கிய பொருளை உலர வைக்க ஒரு பெட்டி இல்லை. எனக்கு இது பொறுக்கவில்லை. எனவே பெட்டியோடே கொடுங்கள். மூடியில் ‘வெண்கல நோய் உள்ளது, உள்ளே சிலிக்கா ஜெல், தேவையின்றித் திறக்க வேண்டாம்’ என்று எழுதி ஒட்டுங்கள். எடுத்த படங்களின் ஒரு பிரதியில் திகதியிட்டுப் பெற்றவரின் கையொப்பம் வாங்குங்கள்.