குட்டி எங்கே செத்துக் கிடந்தது? பன்றி ஈனும் அறை பற்றிக் கேள்வி பதில்

அக்கா, 8க்கு 10 அடி அறை. நாலு பக்கமும் பைப் இருக்கிறது, 250 வாட் பல்பும் இருக்கிறது. 11 குட்டி போட்டது. முதல் 2 ராத்திரியில் 4 குட்டி நசுங்கிச் செத்துவிட்டது. பைப் போட்டும் ஏன் இப்படி?

நீங்கள் அனுப்பிய படத்தில் குட்டிகள் கிடந்த இடத்துக்குச் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தீர்களே, அதுவே பாதி பதில். ஒன்றுதான் சுவரோரம். மீதி மூன்றும் அறை நடுவில். காப்புக் குழாய் சுவரோரத்தை மட்டும்தான் காக்கும். தாய் சுவரில் சாய்ந்து சரியும்போது குட்டி நழுவிப் போக ஒரு சந்து கொடுக்கிறது, அதற்கு மேல் அதனால் எதுவும் முடியாது. நடுவில் செத்த மூன்றுக்குக் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

நான் சொன்னபடி வயிற்றைத் திறந்து பார்த்தீர்கள். நடுவில் கிடந்த மூன்றில் இரண்டின் இரைப்பையில் பாலே இல்லை. குளம்பு நுனியில் இருந்த மெத்தென்ற மூடி தேய்ந்திருந்தது என்றீர்கள். அப்படியானால் அவை உயிரோடு பிறந்து நடந்திருக்கின்றன. செத்தே பிறந்த குட்டிக்கு அந்த மூடி தேயாமல் அப்படியே இருக்கும், நுரையீரலைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். ஆக உங்கள் இரண்டு குட்டிகளும் பிறந்து, நடந்து, பால் கிடைக்காமல் குளிர்ந்து, விலகி ஓடத் தெம்பில்லாமல் தாயின் அடியில் கிடந்திருக்கின்றன. நசுங்கியது கடைசியாக நடந்தது.

இப்போது பல்பைப் பாருங்கள். கதவுக்குப் பக்கத்து மூலையில், தண்ணீர் நிப்பிளுக்கு நேர் கீழே வெளிச்சம் விழுகிறது. தரை ஈரம், கதவுச் சந்தில் காற்று. பன்றி ஈரமும் காற்றும் இருக்கும் இடத்தைத்தான் சாணம் போடத் தேர்ந்தெடுக்கும். குட்டிகளுக்கு நீங்கள் கொடுத்த சூடான இடம் தாயின் கழிப்பிடம் ஆகிவிட்டது. பல்பை எதிர்மூலைக்கு, தீவனத் தொட்டிப் பக்கமாக மாற்றுங்கள். பைப் விஷயத்துக்கு அடுத்த பதிலைப் பாருங்கள், உங்கள் பைப் 16 அங்குல உயரத்தில் இருக்கிறது.

எனக்கு வெல்டிங் பட்டறை. பைப் எத்தனை உயரம், சுவரிலிருந்து எத்தனை தூரம் என்று ஒரே அளவாகச் சொல்லுங்கள். எல்லாருக்கும் அப்படியே அடித்துக் கொடுத்துவிடுவேன்.

தரையிலிருந்து 8 முதல் 10 அங்குலம், சுவரிலிருந்தும் ஏறக்குறைய 10 அங்குலம். 2 அங்குல ஜிஐ பைப். உயரத்தை வெறும் சிமென்ட் தரையிலிருந்து அளக்காதீர்கள். வைக்கோல் போட்டு அது அமுங்கிய பிறகு இருக்கும் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். 3 அங்குல வைக்கோல் மெத்தைமேல் இருந்தால் உங்கள் 8 அங்குலம் 5 ஆகிவிடும், குட்டிக்கு வழி அடைபடும். அதனால் வைக்கோல் நிறையப் போடுகிறவர்களுக்கு 11 வரை ஏற்றி அடியுங்கள். மேலே உள்ளவரின் 16 அங்குலம் போல வைத்தால் தாய் பைப்புக்கு அடியிலேயே புகுந்து சுவரோடு படுத்துவிடும். அப்போது பைப் இருந்தும் இல்லாத மாதிரி.

அப்புறம் பலம். 200 கிலோ எடை சாய்ந்து சறுக்கும். சுவரில் மட்டும் பிடித்து வைத்தால் சில மாதத்தில் ஆட ஆரம்பிக்கும். 4 அடிக்கு ஒரு கால் வைத்துத் தரையில் புதைத்துவிடுங்கள். பைப்பின் திறந்த முனையை எங்கேயும் விடாதீர்கள், மடி கிழியும். இரண்டு பைப் சேரும் மூலையில் குட்டி தலையை விட்டு மாட்டிக்கொள்ளும் குறுகிய சந்து விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

குட்டிக்குச் சூடு வேண்டும் என்பதால் ஈனும் வாரத்தில் கொட்டகை முழுக்கத் தார்ப்பாய் கட்டி அடைத்துவிடுகிறேன். சரிதானே மேடம்?

குட்டி பக்கம் பார்த்தால் சரி, தாய் பக்கம் பார்த்தால் தப்பு. பிறந்த குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி வேண்டும். அதன் உடம்பில் எரித்துச் சூடாக்கக் கொழுப்பு மிகக் குறைவு, ஈரத்தோடு வேறு பிறக்கிறது. தாய்க்கு 18 முதல் 20 டிகிரி இருந்தால் சுகம். 25ஐத் தாண்டினால் மூச்சு வாங்கும், தீவனத்தைக் குறைக்கும், பால் குறையும். முக்கியமாக, குளிர்ச்சியான தரையைத் தேடி எழுந்து எழுந்து படுக்கும். ஒவ்வொரு முறை படுப்பதும் குட்டிகளுக்கு ஒரு கண்டம். நல்ல எண்ணத்தில் கட்டிய தார்ப்பாய் அந்தக் கண்டத்தைக் கூட்டிவிடுகிறது.

ஒரே அறைக்குள் இரண்டு தட்பவெப்பம் வேண்டும், குட்டிக் கூடு அதற்குத்தான். 10, 12 குட்டிக்கு 4 அடிக்கு 2 அடி போதும். பலகை மூடி போட்டு, மூடி 2 அடி உயரத்தில் இருக்கட்டும். தாய் பக்கம் திறப்பு 1 அடி உயரம், அதில் பழைய சாக்கோ ரப்பர் பட்டையோ தொங்கவிடுங்கள். மூடி இல்லாத பல்பு மேலே உள்ள காற்றைத்தான் சூடாக்கும். மூடி போட்டால் 250 வாட் பல நேரம் அதிகமாகிவிடும், 150 வாட்டே போதலாம். குட்டியின் முதுகு மட்டத்தில் தெர்மாமீட்டர் வைத்து முதல் சில நாள் 34, பிறகு வாரத்துக்கு 2 டிகிரி வீதம் குறையுங்கள்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் குட்டிகளே சொல்லும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர். ஓரங்களில் ஒதுங்கி, நடுவை விட்டுவிட்டுப் படுத்தால் சூடு அதிகம். கால் நீட்டிப் பக்கத்தில் பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் கை வைக்காதீர்கள்.

கால்நடைப் பண்ணையில் வேலை பார்த்தவன். கூடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதல் 2 நாள் குட்டிகள் அதற்குள் போவதில்லை, மடியோரமே கிடக்கின்றன. நசுங்குவதோ பெரும்பாலும் முதல் 3 நாளில். அப்படியானால் கூட்டால் என்ன பயன்?

இதை யாராவது கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மைதான். மடியின் வாசனையும் கதகதப்பும் தாயின் உறுமலும் சேர்ந்து இழுக்கும்போது பல்பு தோற்றுப்போகும். கூட்டைக் கட்டிவிட்டு அவை தானாகப் போகும் என்று விட்டால் அந்த 3 நாளுக்கு அது உதவாது.

நான் செய்வது இரண்டு. ஈனும் நேரத்தில் தாயின் பின்புறம் இன்னொரு பல்பு தொங்கும், கீழே கொஞ்சம் காய்ந்த வைக்கோல். குட்டி விழும் இடத்திலேயே சூடு கிடைத்தால் சீக்கிரம் காய்ந்து, எழுந்து, சீம்பால் தேடிப் போகும். முதல் கேள்வி கேட்டவரின் குட்டிகளுக்குக் கிடைக்காதது இதுதான். எல்லாக் குட்டியும் சீம்பால் குடித்தது கண்ணுக்குத் தெரிந்த பிறகு, தாய் தீவனம் தின்ன எழும்போதெல்லாம் குட்டிகளைக் கூட்டுக்குள் விட்டுத் திறப்பை அடைத்துவிடுவேன். தின்று, தண்ணீர் குடித்து, சாணம் போட்டு அது திரும்பப் படுத்த பிறகு திறப்பேன். அரை மணி நேரத்துக்கு மேல் அடைக்க மாட்டேன், ஏனென்றால் மணிக்கு ஒரு முறையாவது பால் இறங்கும், அதைத் தவறவிடக் கூடாது. இரண்டு நாளில் கூட்டின் சுகம் பழகிவிடும். கூட்டின் திறப்பு தாய் வழக்கமாக மடியைக் காட்டிப் படுக்கும் பக்கத்தைப் பார்த்து இருந்தால் இன்னும் சீக்கிரம். இவ்வளவு செய்தும் மடியை விட்டு நகராத ஈற்று ஒன்றிரண்டு வரத்தான் செய்கிறது. ஏன் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தாய்க்கு அறையில் போதிய இடம் வேண்டும் என்று முன்பு ஒருமுறை சொன்னீர்களே, தொட்டிக்கு முன்னால் நின்று தின்னவா? அதற்கு 3 அடி விட்டிருக்கிறேன். திரும்ப முடியாத அளவு அறையைச் சின்னதாக்கினால் நசுக்கவே முடியாது, அதுவே நல்லது இல்லையா?

தின்ன இடம் இல்லை, நான் சொன்னது படுக்க இடம். ஒரு தாய் படுப்பதை முழுதாக ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். முதலில் தரையை முகர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றும். குட்டிகள் கூடி ஒரு பக்கம் ஒதுங்கும். பிறகு முன்னங்கால் முட்டியை மடக்கும், தோளைச் சாய்க்கும், கடைசியில் பின்பக்கத்தை இறக்கும். இடம் இருந்தால் இதையெல்லாம் நிதானமாகச் செய்யும். சுற்ற இடமில்லாத, கதவும் கூடும் இடிக்கும் பட்டியில் நின்ற இடத்திலேயே பொத்தென்று விழும். பெரிய பன்றி மூக்கிலிருந்து வால் வரை 6 அடி. 8 அடி அகல அறையில் இரு பக்கமும் பைப்புக்கு 10 அங்குலம் போக, படுக்க மிச்சம் 6 அடி 4 அங்குலம்தான். அதனால் 8க்கு 10க்குக் கீழே போகாதீர்கள். கூட்டை அறைக்குள் தள்ளாமல் நடைபாதைப் பக்கம் வெளியே நீட்டிக் கட்ட முடிந்தால் நல்லது, உள்ளே போகாமலே நீங்கள் மூடியைத் திறந்து பார்க்கலாம்.

நீங்கள் சொல்வது கம்பிக் கூண்டு முறை. அதில் நசுங்குவது குறையும் என்பது உண்மை. ஆனால் ஈனுவதற்கு முந்தின நாள் தாய் வைக்கோலை வாயில் கவ்விக் கூடு கட்டத் தவிக்கும், கூண்டில் அதற்கு வழி இல்லை. அந்தத் தவிப்பைப் பார்த்த பிறகு நான் கூண்டு வைப்பதை விட்டேன். முதல் 3, 4 நாள் மட்டும் கம்பிக் கதவால் ஒடுக்கி, பிறகு திறந்துவிடுகிறவர்களும் உண்டு, அவர்கள் கணக்கும் நன்றாகவே வருகிறது. இதில் நான் சொல்வதே சரி என்று வாதாட வரவில்லை.

என் பன்றி கூட்டு மூடியைத் தூக்கிப் பல்பை இழுத்துவிட்டது. நல்லவேளை, எதுவும் ஆகவில்லை. உங்களுக்கு இப்படி ஆனதுண்டா?

ஆனது. ஒயரிலேயே தொங்கவிட்டிருந்தேன், விழுந்து வைக்கோல் கருகிப் புகைய ஆரம்பித்தது. நான் பக்கத்து அறையில் இருந்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து சங்கிலியில் தொங்கும், ஒயர் தளர்வாக மேலே போகும், பல்பைச் சுற்றிக் கம்பிக் கூடை. மூடிக்கு வெளிப்பக்கம் கொக்கி போடுங்கள். உங்கள் திறப்பின் அகலத்தையும் பாருங்கள், தாயின் தலை உள்ளே போகிறது என்றால் நடுவில் ஒரு செங்குத்துக் கம்பி வேண்டும்.

முதலில் கேட்டவன்தான் அக்கா. பல்பை மாற்றி, பைப்பை 9 அங்குலத்துக்கு இறக்கி, நீங்கள் சொன்னபடி அடைத்துத் திறந்தேன். அடுத்த பன்றி 10 போட்டது, 9 இருக்கிறது. செத்தது அறை நடுவில், வயிறு நிறையப் பால்.

பால் குடித்த, தெம்பான குட்டி நடுவில் செத்திருந்தால் குளிரைக் குற்றம் சொல்ல முடியாது. தாய் உருண்டிருக்கும், அல்லது வழுக்கியிருக்கும். அறையைக் கழுவியதும் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள். உங்கள் கால் சறுக்கினால் தாயின் பின்னங்காலும் சறுக்கும், தரையை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள், ஆனால் குட்டியின் முட்டி தேயும் அளவுக்கு வேண்டாம். தரை சரியாக இருந்தால், அது வழக்கமாகச் சாயும் சுவரில் பைப்புக்குப் பதில் ஒரு பலகையைச் சாய்வாகப் பொருத்துங்கள். பலகையின் அடி விளிம்புக்குக் கீழே குட்டி ஓடச் சந்து இருக்க வேண்டும். தாய்க்குச் சாய ஒரு இடம் பிடித்துப்போனால் நடுவில் விழுவது குறையும். இன்று ராத்திரி 1 மணிக்கு ஒரு முறை எழுந்து போய், அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.