நிலம் பிரிந்தது, டிராக்டர் பிரியவில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

அப்பா இறந்து 11 மாதங்கள் ஆகின்றன. அண்ணன், நான், தங்கை ஆகிய மூவருமே விவசாயம்தான் செய்கிறோம். நிலத்தை அளந்து மூன்றாகப் பிரித்தபோது ஒரு மனக்கசப்பும் வரவில்லை. ஆனால் டிராக்டர், கிணற்று மோட்டார், நான்கு பசுக்கள், ஒரு ஜோடி உழவு மாடுகள், அப்பாவின் கருவிகள் ஆகியவற்றைப் பிரிக்க உட்கார்ந்த நாளில் எல்லாம் குலைந்துபோனது. எட்டு ஆண்டுகளாக டிராக்டரை ஓட்டியதும் பழுது பார்த்ததும் தானே என்பதால் அது தனக்குத்தான் என்கிறார் அண்ணன். மோட்டாரை நான் எடுத்துக்கொள்ளலாமாம்; தங்கைக்குக் கறவை வற்றிய ஒரு பசுவும் ஒரு கிடேரியும் போதுமாம். அன்று எழுந்து போன தங்கை என்னிடம்கூட இன்னும் சரியாகப் பேசவில்லை. அண்ணனை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. இரவில் தூக்கமும் இல்லை. அப்பாவின் மண்வெட்டியை யாரும் தொடாமல் கொட்டகைச் சுவரில் சாத்தியே வைத்திருக்கிறோம். இரும்புக்கும் மாட்டுக்கும் போய் உறவை இழக்கிறோமே என்று வெட்கமாக இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் அந்த வெட்கத்தை இறக்கி வையுங்கள். நிலத்தில் வராத சண்டை டிராக்டரில் வருவதற்குப் பேராசை காரணம் அன்று. நிலத்தை அளந்து கல் நட்டுவிட்டால் அவரவர் பங்கு அவரவருக்கு. மழை பெய்து மண் பதமாக இருக்கும் அந்தச் சில நாள்களிலோ மூவருக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டும், வண்டியோ ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே "அது எனக்கு" என்று ஒருவர் சொல்லும்போது, "இனி உங்கள் உழவு என் தயவில்" என்றுதான் மற்ற இருவரின் காதிலும் விழுகிறது. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த அச்சம் என்று நினைக்கிறேன். அதை வெளியே எடுத்துப் பேசாமல் விலையை மட்டும் பேசினால் பேச்சு மறுபடியும் பாதியில் முறியும்.

உங்கள் அண்ணன் சொல்வதில் இரண்டு செய்திகள் பின்னிக் கிடக்கின்றன. தான் உழைத்ததும் செலவழித்ததும் கணக்கில் வர வேண்டும் என்பது ஒன்று. வண்டி தனக்கு வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது நியாயமான கோரிக்கை, ஆனால் அது உரிமை ஆகாது, கடன் ஆகும். அவர் தன் கைப்பணத்தில் டயர் மாற்றியிருந்தால், எஞ்சின் வேலை பார்த்திருந்தால், அந்தத் தொகையை அப்பாவின் சொத்து அவருக்குத் தர வேண்டிய பாக்கியாக முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதே காலத்தில் அவர் வெளியாருக்கு வாடகைக்கு ஓட்டி வருமானத்தைத் தானே வைத்திருந்தால் அதுவும் அந்தத் தாளில் வரட்டும். எட்டு ஆண்டு உழைப்பை யாரும் ஒரு வார்த்தை சொல்லி ஏற்றுக்கொள்ளாததுதான் பல குடும்பங்களில் மூத்தவரின் குரலை உயர வைக்கிறது. எழுத்தில் வந்த பின் அவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

பாக்கி தீர்ந்த பிறகு வண்டிக்கு வாருங்கள். அதன் மேல் கடன் எஞ்சியிருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது என்பதையும், மதிப்பிலிருந்து அந்த எஞ்சிய தொகையைக் கழிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அதன் பின் மூவரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் காட்டாமல், கலப்பையும் டிரெய்லரும் சேர்ந்த அந்த டிராக்டர் தமக்கு எவ்வளவு பெறும் என்று ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள். அண்ணன் 60 என்றும் நீங்கள் 54 என்றும் தங்கை 48 என்றும் எழுதியதாக வைத்துக்கொள்வோம். இது எந்த அலகானாலும் சரி. அதிகம் எழுதிய அண்ணனுக்கு வண்டி போகிறது. அவரவர் எழுதியதில் மூன்றில் ஒரு பங்குதான் அவரவர் உரிமை, அதாவது அண்ணனுக்கு 20, உங்களுக்கு 18, தங்கைக்கு 16. அண்ணன் தன் 20 போக மீதி 40ஐப் பொதுவில் வைக்கிறார். அதிலிருந்து நீங்கள் 18, தங்கை 16 எடுத்த பின் 6 எஞ்சுகிறது. அது ஆளுக்கு 2 ஆகப் பிரிகிறது. முடிவில் அண்ணன் உங்களுக்கு 20, தங்கைக்கு 18, ஆக மொத்தம் 38 தருகிறார். தமக்கு உரியது என்று தாமே கணித்ததைவிட 2 கூடுதலாகவே ஒவ்வொருவருக்கும் கிடைக்கிறது.

நான் இந்த முறையை விரும்புவதற்குக் காரணம், இதில் யாரும் மற்றவரின் ஆசைக்கு விலை சொல்வதில்லை என்பதுதான். தங்கையின் தாளும் அண்ணனின் தாளைப் போலவே எண்ணப்படுகிறது. "அவளுக்கு இது போதும்" என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. ஆனால் ஒரு குறை உண்டு. கையில் பணம் இருப்பவர்தான் துணிந்து பெரிய எண்ணை எழுதுவார். ஆகவே எழுதுவதற்கு முன்பே, பணத்தை அறுவடைக்கு அறுவடை தவணையாகத் தரலாம் என்றும், ஒரு பகுதியை உழவு வேலையாகவே கழிக்கலாம் என்றும் பேசிக்கொள்ளுங்கள்.

அந்த அச்சத்திற்கு மருந்து வண்டியை எடுப்பவர் கொடுக்கும் எழுத்தில் இருக்கிறது. உழவுப் பருவத்தில் வண்டி முதலில் யார் நிலத்தில் இறங்கும் என்பதை ஆண்டுக்கு ஆண்டு மாற்றி, இந்த ஆண்டு தங்கை, அடுத்த ஆண்டு நீங்கள், அதற்கடுத்து அண்ணன் என்று எழுதிவிடுங்கள். உடன்பிறந்தார் நிலங்கள் முடிந்த பிறகே வெளி வாடகை. கூலியாக டீசலும் ஓட்டும் சம்பளமும் தேய்மானமும் மட்டும். தேய்மானத்திற்கு வண்டியின் மணி மீட்டரைப் பார்ப்பீர்கள். பழைய டிராக்டர்களில் அந்த மீட்டர் கடிகாரத்தோடு ஓடுவதில்லை, எஞ்சினின் சுற்றோடு ஓடுகிறது. குறைந்த வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் மீட்டர் அதைவிடக் குறைவாகவே காட்டும். இது தெரியாமல் ஒருவர் கைக்கடிகாரத்தையும் மற்றவர் மீட்டரையும் பார்த்துக் கணக்கு எழுதினால், ஒருவரை ஒருவர் பொய்யராக நினைக்கத் தொடங்குவார்கள். எதைப் பார்ப்பது என்று இப்போதே ஒன்றை முடிவு செய்யுங்கள்.

மோட்டாரை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கிணறு மூவருக்கும் பொது என்றால் மோட்டார் கிணற்றோடு சேர்ந்தது. அது அந்தக் கிணற்றின் ஆழத்திற்கும் குழாய்க்கும் ஏற்பத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மேலே வைத்து உறிஞ்சும் பம்பு நடைமுறையில் ஆறேழு மீட்டருக்குக் கீழிருந்து தண்ணீரை எடுக்காது, வேறு கிணற்றுக்குக் கொண்டுபோனால் பயன்படாமலே போகலாம். நீங்கள் அதற்கு உடைமையாளர் ஆனால் மற்ற இருவரும் உங்களிடம் தண்ணீர் கேட்டு நிற்க வேண்டியிருக்கும்; அண்ணனின் டிராக்டரால் உங்களுக்கு வந்த அதே நிலை அவர்களுக்கு வரும்.

ஆகவே மோட்டாரில் பிரிக்க வேண்டியது நேரம். அதிலும் ஒரு மறைவான அநியாயம் இருக்கிறது. ஆளுக்கு மூன்று மணி நேரம் என்று சமமாகப் பிரித்தால், முதலில் இறைப்பவர் நிறைந்த கிணற்றிலிருந்து இறைப்பார். கடைசியில் வருபவர் ஊற்று ஊறும் வேகத்திற்குக் காத்துக் கிடப்பார். 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாயின் கீழ் வைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் அது 25 விநாடியில் நிரம்பி, கடைசி முறையில் 40 விநாடி எடுத்தால், விநாடிக்கு 8 லிட்டர் கிடைத்த இடத்தில் 5 லிட்டர்தான் கிடைக்கிறது. மணி சமம், தண்ணீர் சமம் அன்று. யார் முதலில் என்பதை ஒவ்வொரு நாளும் சுழற்றினாலே இது பெருமளவு சரியாகிவிடும். மோட்டார் எரிந்தால் "உன் முறையில்தான் எரிந்தது" என்ற பேச்சு நிச்சயம் வரும். மின்னழுத்தம் குறைவதும் மூன்றில் ஒரு ஃபேஸ் விட்டுப்போவதும் சுருளைச் சிறிது சிறிதாகக் கெடுப்பவை. எரிந்த நாளில் ஓட்டியவர் மேல் அந்தப் பழி விழக்கூடாது. தண்ணீர் வற்றியது தெரிந்தும் ஓட்டியதாக இருந்தால் மட்டும் அவர் பொறுப்பு, மற்றபடி காயில் கட்டும் செலவு ஓட்டிய மணிக்கணக்கில் மூவருக்கும் என்று இப்போதே எழுதுங்கள்.

மாடுகளில் தலையை எண்ணிப் பிரிப்பதே தவறு. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே பாலை நிறுத்திவிடுவது வழக்கம். ஈன்ற இரண்டு மாத அளவில்தான் பால் உச்சத்தில் இருக்கும். ஆகவே தங்கைக்கு ஒதுக்கிய அந்தப் பசு நிறைசினையாக இருந்தால், விரைவில் அதுவே கொட்டகையில் சிறந்த பசுவாக இருக்கலாம். சினையே இல்லாமல் வற்றியிருந்தால் ஓராண்டுக்குத் தீனிச் செலவு மட்டும்தான். எது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கால்நடை மருத்துவரை அழைத்து ஒரே நாளில் நான்கிற்கும் சினையைப் பரிசோதித்து, கறவையில் உள்ளவற்றின் நான்கு காம்பிலும் பால் கறந்து மடிநோய் இருக்கிறதா என்றும் பார்த்து எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை வைத்து மதிப்புப் போடுங்கள். உழவு மாடுகளைப் பிரிக்கவே வேண்டாம். வலப்பக்கம் பூட்டிப் பழகிய மாடு இடப்பக்கத்தில் எளிதில் வேலை செய்யாது; ஜோடியைப் பிரித்தால் இரண்டும் மதிப்பு இழக்கும்.

சிறு கருவிகளுக்கு ஒரு மாலைப் பொழுது போதும். தங்கை, நீங்கள், அண்ணன், பிறகு திரும்ப அண்ணன், நீங்கள், தங்கை என்ற வரிசையில் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன், அப்பாவின் நினைவாக எந்த மதிப்பும் போடாமல் மூவரும் ஒவ்வொரு பொருளை எடுத்துக்கொள்ளட்டும். அவர் உள்ளங்கை பட்டுப் பட்டு நடுவில் மெலிந்திருக்கும் அந்த மண்வெட்டிக் காம்புக்கு விலைப்பட்டியலில் இடமில்லை. இரண்டு பேர் அதையே கேட்டால் ஒருவருக்கு இரும்பும் மற்றவருக்குக் காம்பும் தரலாம்; புதுக் காம்பு போடுவது பெரிய காரியம் இல்லை.

அண்ணனோடு வாதிட வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வாதிட வேண்டாம். "அண்ணா, எட்டு வருஷமா நீங்க வண்டிக்குச் செலவு செஞ்சதை எழுதுங்க, முதல்ல அதை உங்களுக்குக் கொடுத்துடலாம்" என்பதைத் தனியே சந்தித்துச் சொல்லுங்கள். அன்று வேறு எதையும் பேசாமல் எழுந்து வாருங்கள். அவர் எழுதி முடிக்கும் வரை டிராக்டரைப் பற்றிய பேச்சை யாரும் எடுக்க வேண்டாம்; அதற்குள் நீர் முறையை முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் யாரும் எதையும் இழப்பதில்லை. கிணற்றடியில் டிரம்மை வைக்கும் நாளில் தங்கையை வரச் சொல்லுங்கள், விநாடி பார்க்கும் கடிகாரம் அவள் கையில் இருக்கட்டும், அவள் சொல்லும் எண்ணை அண்ணன் எழுதட்டும்.