காசு மேசை ஓரத்துக் கச்சான்: திடீர் வாங்கலை எப்படி அளப்பது?

"வெள்ளவத்தையில் மாமாவின் பலசரக்குக் கடையில் என் செயற்றிட்டம். பொருளை வைக்கும் இடம் திடீர் வாங்கலைக் கூட்டுகிறதா என்று இரண்டு வாரத்தில் பார்க்க வேண்டும். எதை, எப்படிக் குறிப்பது?"

ஒரே ஒரு பொருளை எடுங்கள், கச்சான் பக்கெட் நல்ல தேர்வு. டொபி வேண்டாம், ஏனென்றால் மீதிச் சில்லறை இல்லாதபோது நம் கடைகளில் டொபியைத்தானே கொடுக்கிறோம், அதை யாரும் ஆசைப்பட்டு வாங்கவில்லை, ஆனால் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

முதல் வாரம் உள்தட்டில், அடுத்த வாரம் காசு மேசையில் என்று பிரித்தால் சிக்கல். சம்பளம் வந்த வாரமா, போயா விடுமுறை வந்ததா, மழையா என்பதும் சேர்ந்து விற்பனையை மாற்றும். அதனால் முதல் வாரம் திங்கள், புதன், வெள்ளி உள்தட்டு, செவ்வாய், வியாழன் மேசை. அடுத்த வாரம் அப்படியே மாற்றிப் போடுங்கள். விலை மாறக்கூடாது, மாமா "கச்சான் வேணுமா" என்று கேட்கவும் கூடாது. பெட்டி பாதி காலியானால் கண்ணில் படுவது குறையும், அதனால் ஒவ்வொரு நாளும் ஒரே அளவு நிரப்பியே தொடங்குங்கள்.

மாலை 5 முதல் 7 வரை நின்று, காசு கொடுத்தவர்கள் எத்தனை பேர், அதில் கச்சான் எடுத்தவர் எத்தனை பேர் என்று குறியுங்கள். விற்ற பக்கெட்டை மட்டும் எண்ணினால் கூட்டம் கூடிய நாள் உங்களை ஏமாற்றும்.

ஆனால் எடுத்தவர் எல்லாரும் திடீரென எடுத்தவர் அல்ல, இதுதான் பலரும் தவறவிடும் இடம். காசு கொடுத்த பிறகு ஒரே கேள்வி கேளுங்கள்: "இதை வாங்கத்தான் வந்தீங்களா, இங்க கண்டுதான் எடுத்தீங்களா?" உள்ளே வரும்போது கேட்டால், கேள்வியே அவர்கள் வாங்குவதை மாற்றிவிடும். கண்டதும் 'வீட்டில் முடிந்துவிட்டது' என்று நினைவு வந்து எடுத்தவருக்குத் தனி நிரல் போடுங்கள். திடீர் வாங்கலை வகைப்படுத்திய ஆய்வாளர் ஹோக்கின்ஸ் ஸ்டெர்ன் 1962இல் இதையும் திடீர் வாங்கலின் ஒரு வகையாகச் சேர்த்தார், ஆனால் வெறும் ஆசையில் எடுத்ததும் இதுவும் ஒன்றல்ல.

கற்பனைக்கு ஒரு கணக்கு: உள்தட்டு நாளில் 80 பேரில் 4 பேர் எடுத்தார்கள், அதில் 3 பேர் அதற்கென்றே வந்தவர்கள், ஒருவர் மட்டும் கண்டு எடுத்தார். மேசை நாளில் 100 பேரில் 12 பேர். 2 பேர் அதற்கென்றே வந்தவர்கள், 3 பேருக்கு நினைவு வந்தது, 7 பேர் கண்டு எடுத்தார்கள். ஆக 100க்கு 5 என்பது 12 ஆனது என்று எழுதாதீர்கள், ஆசையில் எடுத்தது 100க்கு சுமார் 1 என்பதிலிருந்து 7 ஆனது, நினைவில் எடுத்தது 3 என்று பிரித்து எழுதுங்கள்.

அப்புறம், அதே நாட்களில் மரவள்ளிச் சிப்ஸ், முறுக்கு எத்தனை போனது என்றும் எண்ணி வையுங்கள். கச்சான் ஏறிய அளவுக்கு அவை இறங்கியிருந்தால், ஆட்கள் ஒன்றை விட்டு மற்றதை எடுத்திருக்கிறார்கள், மாமாவின் மொத்த விற்பனை கூடவில்லை.