லாசோ மாடலைக் கட்டுரையில் எழுதுவது: கேள்வி பதில்

பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர் 30 நாளுக்குள் மீண்டும் சேர்க்கப்படுவாரா என்று கணிக்கும் லாஜிஸ்டிக் லாசோ. 640 பேர், அவர்களில் 88 பேர் மீண்டும் சேர்ந்தவர்கள். கணிப்பு மாறிகள் 14. அவற்றில் ஒன்றுக்கு நான்கு வகைகள் இருப்பதால் குணகங்கள் 16. எண்கள் கற்பனைதான், கணக்கு காட்டுவதற்காக.

"லாம்டாவை 10 மடிப்பு கிராஸ் வேலிடேஷனில் தேர்ந்தோம்" என்று ஒரு வரி எழுதினேன் சார். ரிவியூவர் போதாது என்கிறார். வேறு என்ன எழுதுவது?

அந்த வரியை வைத்து வேறொருவர் உங்கள் லாம்டாவை மறுபடி எடுக்க முடியாது. ரிவியூவரின் குறை அதுதான். எதைக் குறைத்தீர்கள், டீவியன்ஸா, வகைப்படுத்தல் பிழையா? வளைவின் அடியைப் பிடித்தீர்களா, ஒரு ஸ்டாண்டர்ட் எரர் தள்ளிப் பிடித்தீர்களா? மடிப்புகளை ஒரு தடவை பிரித்தீர்களா, பல தடவையா? இவை மூன்றும் இருக்க வேண்டும். லாம்டாவின் மதிப்பு, மென்பொருளின் பெயர், பதிப்பு எண் ஆகியவையும் வேண்டும்.

பல தடவை பிரிப்பதை அழுத்திச் சொல்கிறேன். 88 நிகழ்வுகளைப் பத்தாகப் பிரித்தால் ஒரு மடிப்புக்கு ஒன்பதுக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். மூன்று நான்கு பேர் இடம் மாறினாலே வளைவின் அடி நகர்ந்துவிடும். உங்கள் தரவில் எவ்வளவு நகர்கிறது என்று நீங்களே பார்க்கலாம்:

```r
set.seed(2741)
lam <- sapply(1:50, function(k) {
  f <- sample(rep(1:10, length.out = nrow(X)))
  cv.glmnet(X, y, family = "binomial", foldid = f)$lambda.min
})
quantile(lam, c(0, .5, 1))
```

சிறிய லாம்டாவுக்கும் பெரிய லாம்டாவுக்கும் எத்தனை மாறிகள் மிஞ்சுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு முனையில் 11, மறு முனையில் 5 என்று வந்தால், ஒற்றை ஸீடில் கிடைத்த பட்டியல் பாதி அதிர்ஷ்டம். கட்டுரையில் இப்படி எழுதலாம்:

"பெனால்டியை 10 மடிப்பு கிராஸ் வேலிடேஷனில் தேர்ந்தோம். மடிப்புகளை 50 முறை புதிதாகப் பிரித்து, டீவியன்ஸை மிகக் குறைத்த லாம்டாவை ஒவ்வொரு முறையும் எடுத்து, அவற்றின் நடுமதிப்பான 0.0156-ஐப் பயன்படுத்தினோம். 50 முறைகளில் கிடைத்த லாம்டாக்களின் வீச்சு பிற்சேர்க்கையில் உள்ளது."

மூன்று வாக்கியம்தான். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

`lambda.min` ஓவர்ஃபிட் ஆகும், `lambda.1se`தான் பாதுகாப்பு என்று படித்தேன். அப்படியானால் எப்போதும் 1se எழுதுவதுதானே முறை?

பாதி சரி. 1se-இல் குறைவான மாறிகளே மிஞ்சும், அது உண்மை. ஆனால் அது குணகங்களையும் கூடுதலாகச் சுருக்கும். அதனால் கணிப்புகள் எல்லாம் சராசரியை நோக்கி நெருங்கிவிடும். எடுத்துக்காட்டில் சராசரி 14 விழுக்காடு. உண்மையில் 40 விழுக்காடு ஆபத்து உள்ளவருக்கு மாடல் 25 என்று சொல்லும். கேலிபரேஷன் சரிவு 1-க்கு மேலே போவதை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். நிகழ்வுகள் குறைவாக இருந்தால் ஸ்டாண்டர்ட் எரர் அகன்றுவிடும். சில தரவில் 1se ஒரு மாறியைக்கூட மிச்சம் வைக்காமல் வெறும் இன்டர்செப்டை மட்டும் கொடுக்கும்.

ஆபத்து மதிப்பீடுதான் நோக்கம் என்றால் நான் min பக்கம். குறைந்த மாறிகளில் ஒரு படிவம் செய்வது நோக்கம் என்றால் 1se எடுக்கலாம், அந்தக் காரணத்தைக் கட்டுரையில் சொல்லுங்கள். இரண்டையும் ஓட்டிப் பார்த்து அழகாக வந்ததை எடுத்துவிட்டு, முன்பே தீர்மானித்ததுபோல் எழுதுவதுதான் தவறு.

பைத்தானில் `LogisticRegression` ஓட்டினேன், சிறந்த C = 0.1 வந்தது. லாம்டா 0.1 என்று எழுதிவிடலாமா?

கூடாது. `C` பெனால்டியின் தலைகீழ். அதோடு அங்கே இழப்பை எல்லோருக்கும் கூட்டுகிறார்கள், `glmnet` சராசரி எடுக்கிறது. ஆகவே `glmnet` அளவில் லாம்டா = 1/(n × C). உங்களுடையது 640 பேர் தரவு என்றால் 1/(640 × 0.1), அதாவது சுமார் 0.0156. நீங்கள் எழுதவிருந்ததற்கும் இதற்கும் ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். L1 வேண்டும் என்று தனியாகச் சொல்லாவிட்டால் அந்தக் கட்டளை L2 பெனால்டியைத்தான் போடும், அது ரிட்ஜ். ஒரு குணகம்கூடச் சுத்தமாகப் பூஜ்யம் ஆகவில்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று தரப்படுத்தல். `glmnet` தானே மாறிகளைத் தரப்படுத்தி, குணகங்களை மூல அலகுக்கே திருப்பித் தரும். பைத்தானில் அது உங்கள் வேலை. செய்யாவிட்டால் அல்புமினை டெசிலிட்டருக்குக் கிராமில் எழுதினால் ஒரு மாடல், லிட்டருக்குக் கிராமில் எழுதினால் வேறொரு மாடல் வரும். தரப்படுத்தலை மடிப்புக்குள்ளே செய்தீர்களா, முழுத் தரவிலும் முன்கூட்டியே செய்தீர்களா என்பதையும் எழுதுங்கள்.

லாசோவில் 6 மாறிகள் மிஞ்சின. அந்த ஆறுக்கும் சாதாரண லாஜிஸ்டிக் ஓட்டி ஆட்ஸ் விகிதமும் p-மதிப்பும் டேபிளில் போட்டேன். எல்லாம் 0.05-க்குக் கீழே. இது பலம்தானே?

பலவீனம். லாசோ செய்த சுருக்கத்தை மறு ஓட்டம் அழித்துவிட்டது. இப்போது உங்கள் கையில் இருப்பது தேர்ந்தெடுத்த மாறிகளில் பெனால்டியே இல்லாத மாடல். புது ஆட்களிடம் அதன் உச்சக் கணிப்புகள் மிகையாக வர வாய்ப்பு அதிகம். p-மதிப்புகளுக்கு 16 குணகங்களிலிருந்து பொறுக்கி எடுத்த கதை தெரியாது. ஏற்கெனவே ஜெயித்தவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தித் தேர்வு வைத்தால் எல்லோரும் தேறத்தான் செய்வார்கள்.

டேபிளில் 16 குணகங்களுக்கும் வரி வேண்டும். வெளியேறியவற்றுக்கு 0 என்றே போடுங்கள். அலகு, ஒப்பீட்டு வகை, உருமாற்றம், கடைசியில் இன்டர்செப்ட். இன்டர்செப்டை விட்டுவிடும் கட்டுரைகள் நிறைய. அது இல்லாமல் ஒரு ஆளுக்கும் ஆபத்தைக் கணக்கிட முடியாது.

டேபிள் முழுமையா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. மாடலில் மூன்று மாறிகள் மட்டும் மிஞ்சின என்று வைத்துக்கொள்ளுங்கள்: இன்டர்செப்ட் −2.60, வயது ஆண்டுக்கு 0.031, அல்புமின் டெசிலிட்டருக்கு ஒரு கிராமுக்கு −0.42, கடந்த ஆண்டில் சேர்க்கை இருந்தால் 0.58. வயது 70, அல்புமின் 3.0, முன்பு சேர்ந்தவர்:

```
-2.60 + 0.031*70 - 0.42*3.0 + 0.58 = -1.11
1 / (1 + exp(1.11)) = 0.248
```

சுமார் 25 விழுக்காடு. உங்கள் டேபிளை மட்டும் சக மாணவரிடம் கொடுத்து இதே கணக்கைப் போடச் சொல்லுங்கள். உங்களிடம் வந்து ஏதாவது கேட்டால், கேட்டது டேபிளில் விடுபட்டிருக்கிறது.

அப்படியானால் பூஜ்யமான கிரியாட்டினினுக்கும் மீண்டும் சேர்வதற்கும் தொடர்பில்லை என்று டிஸ்கஷனில் எழுதலாம், இல்லையா?

நான் சொன்னது அதுவல்ல. யூரியாவும் கிரியாட்டினினும் சேர்ந்தே ஏறி இறங்கும். லாசோ அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். வேறு மாதிரித் தரவில் தலைகீழாகலாம். பூட்ஸ்டிராப்பில் யூரியா 58 விழுக்காடு முறையும் கிரியாட்டினின் 45 விழுக்காடு முறையும் தேறினால், இரண்டும் ஒரே நாற்காலிக்குப் போட்டியிடுகின்றன என்று பொருள். அந்த விழுக்காட்டை டேபிளில் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துவிட்டால், "முக்கியமான காரணிகள்" என்று எழுதத் தோன்றும் ஆசை தானே குறையும்.

எங்கள் தரவில் நான்கு வகை உள்ள மாறியில் ஒரு வகை மட்டும் மிஞ்சி, இரண்டு பூஜ்யம் ஆகிவிட்டன. அந்த மாறி "மிஞ்சியது" என்று சொல்வதா, இல்லையா?

வரிவரியாக எழுதுங்கள், அந்தச் சொல் தேவைப்படாது. பூஜ்யமான இரண்டும் ஒப்பீட்டு வகையோடு கலந்துவிட்டன, அவ்வளவுதான். ஒப்பீட்டு வகையை மாற்றினால் முடிவும் மாறும். ஆகவே எதை ஒப்பீடாக வைத்தீர்கள் என்பது இங்கே அலங்காரத் தகவல் அல்ல. மொத்தமாக வரவேண்டும் அல்லது மொத்தமாகப் போகவேண்டும் என்றால் குரூப் லாசோ, ஆரில் `grpreg`.

விடுபட்ட மதிப்புகளை நிரப்பி 20 தரவுத்தொகுப்புகள் வைத்திருக்கிறோம் அண்ணா. ஒவ்வொன்றிலும் வேறு வேறு மாறிகள் மிஞ்சுகின்றன.

ஒப்புக்கொண்ட ஒரே வழி இதற்கு இல்லை. 20-ஐயும் அடுக்கி, ஒவ்வொரு வரிக்கும் 1/20 எடை கொடுத்து ஒரே லாசோ ஓட்டலாம். அல்லது 20 மாடல்களையும் வைத்துக்கொண்டு கணிப்புகளைச் சராசரியாக்கலாம். அடுக்கினால், ஒரே ஆளின் 20 வரிகளும் ஒரே மடிப்பில் இருக்க வேண்டும்.

*இடையில் ஒருவர்:* பாதிக்கு மேல் தொகுப்புகளில் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா? நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

செய்கிறார்கள். பாதி என்ற வரம்பு எங்கிருந்து வந்தது, மிஞ்சியவற்றுக்குக் குணகம் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டால் பதில் வேண்டும். குணகங்களைச் சராசரியாக்கியிருந்தால் அதை எழுதுங்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை, ஆனால் தவறு என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன்.

பூட்ஸ்டிராப்பில் உள்சரிபார்ப்பு செய்தோம். லாம்டா ஏற்கெனவே கிடைத்துவிட்டதால் எல்லாச் சுற்றிலும் அதையே பயன்படுத்தினோம். சரியா?

சரியில்லை. லாம்டாவைத் தேடியதும் மாடலைக் கட்டியதன் ஒரு பகுதி. அதை நிறுத்தி வைத்தால் மிகைமதிப்பு குறைவாகத் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் தேடலை முதலிலிருந்து செய்து, அந்த மாடலை மூலத் தரவில் வைத்துப் பாருங்கள்.

இதில் ஒரு குழி இருக்கிறது. பூட்ஸ்டிராப் மாதிரியில் ஒரே ஆள் இரண்டு மூன்று முறை வருவார். சாதாரணமாக மடிப்பு பிரித்தால் அவருடைய ஒரு பிரதி பயிற்சியிலும் இன்னொன்று சோதனையிலும் விழும். சோதனை எளிதாகிவிடும், லாம்டா தேவைக்கு மேல் சிறியதாகத் தேறும், மாறிகள் அள்ளிக்கொண்டு வரும். மூலத் தரவில் 6 மாறி, பூட்ஸ்டிராப் சுற்றுகளில் எல்லாம் 13, 14 என்று பார்த்தால் இதுதான் காரணமாக இருக்கும். மடிப்பை வரிக்கு அல்ல, ஆளுக்குக் கொடுங்கள்:

```r
n <- nrow(X)
i <- sample(n, replace = TRUE)
f <- sample(rep(1:10, length.out = n))
cv.glmnet(X[i, ], y[i], family = "binomial", foldid = f[i])
```

இப்படிச் செய்ததைக் கட்டுரையில் அரை வரியில் சொன்னால் போதும். சொல்லாவிட்டால், செய்தீர்களா இல்லையா என்று படிப்பவருக்குத் தெரிய வழியில்லை.