கட்டுமானத்தின் நடுவே நின்றுபோன கடன் தவணை: காரணத்தைக் கண்டறிவது எப்படி?

கேள்வி: அடுக்குமாடி வீட்டுக்கு வாங்கிய கடனில் முதல் இரண்டு தவணைகளை வங்கி பில்டருக்கு நேராக அனுப்பிவிட்டது. நான்காம் தளம் போட்டதும் பில்டர் அடுத்த தவணையைக் கேட்டார். ஆறு வாரமாகியும் பணம் போகவில்லை. வங்கியில் கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்கிறார்கள். பில்டரோ தாமத வட்டி போடுவேன் என்கிறார். யார் மீது நடவடிக்கை எடுப்பது?

பதில்: இப்போதைக்கு யாருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டாம். எந்த நிபந்தனை நிறைவேறாததால் பணம் நிற்கிறது என்பது தெரியாமல் அனுப்பும் நோட்டீஸ், பெரும்பாலும் உங்கள் பக்கத்துக் குறையையே எதிர்த்தரப்புக்குக் காட்டிக்கொடுக்கும்.

தவணை விடுவிப்புக்கான நிபந்தனைகள் ஒரே தாளில் இருப்பதில்லை. கடன் அனுமதிக் கடிதத்தின் சிறப்பு நிபந்தனைகள், கடன் ஒப்பந்தத்தில் பணம் விடுவிப்பது பற்றிய பிரிவு, நீங்களும் பில்டரும் வங்கியும் கையெழுத்திட்ட முத்தரப்பு ஒப்பந்தம் இருந்தால் அது, பில்டருடனான கட்டுமான ஒப்பந்தத்தின் தவணை அட்டவணை ஆகியவற்றை அருகருகே வைத்துப் படியுங்கள். பில்டரின் அட்டவணை 'தளம் போட்டதும் இவ்வளவு' என்று கட்டத்தைப் பார்க்கிறது. வங்கியோ தன் பொறியாளர் நேரில் பார்த்து மதிப்பிட்ட வேலையின் அளவைப் பார்க்கிறது. பில்டர்கள் தொடக்கக் கட்டங்களிலேயே அதிகம் வாங்கிக்கொள்ளும்படி அட்டவணையை அமைப்பது வழக்கம் என்பதால், இவ்விரண்டும் நடுவழியில்தான் முட்டிக்கொள்ளும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். வீட்டின் மொத்த விலை 100 பங்கு. அதில் கடன் 75, உங்கள் சொந்தப் பங்கு 25 என்று வைத்துக்கொள்வோம். இதுவரை நீங்கள் 20, வங்கி 25, ஆக 45 பங்கு பில்டரிடம் போயிருக்கிறது. நான்காம் தளத்தோடு மொத்தம் 60 ஆக வேண்டும் என்று சொல்லி அவர் 15 கேட்கிறார். வங்கிப் பொறியாளரோ 50 வரைதான் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் இப்போது போகக்கூடியது 5 மட்டுமே. சொந்தப் பங்கு முழுவதும் செலுத்திய பிறகே மீதிக் கடன் விடுவிக்கப்படும் என்ற நிபந்தனையும் இருந்தால், அந்த 5-ஐயும் நீங்கள்தான் செலுத்த வேண்டும். வங்கி தர வேண்டியது இப்போதைக்கு ஒன்றுமில்லை. இந்த நிலைக்குத்தான் கிளையில் 'பரிசீலனை' என்று பெயர்.

ஆகவே வங்கிக்கு எழுத்து மூலம் கேளுங்கள். பில்டரின் கோரிக்கைக் கடிதம் எந்தத் தேதியில் வந்தது, பொறியாளர் எந்தத் தேதியில் பார்வையிட்டார், அவர் குறித்த சதவீதம் என்ன, எந்த ஆவணத்தின் எந்தப் பிரிவின்படி பணம் நிறுத்தப்பட்டுள்ளது ஆகிய நான்குக்கும் பதில் வேண்டும். ஆய்வறிக்கையின் நகலையும் கேளுங்கள். முடிந்த வேலையின் சதவீதமும் விடுவிக்கப் பரிந்துரைத்த சதவீதமும் அதில் தனித்தனியே இருக்கலாம். விலையில் நிலத்தின் பங்கும் அடங்கியிருக்க, பொறியாளர் கட்டட வேலையை மட்டும் கணக்கிட்டிருந்தால் எண் குறைந்துதான் வரும். அதைச் சுட்டிக்காட்டி மறு ஆய்வு கோரலாம்.

அங்கீகரித்த வரைபடத்தை மீறிக் கட்டியிருப்பதாக அறிக்கை சொன்னால் விஷயம் வேறு. அது ரசீது கொடுத்துத் தீர்க்கும் குறை அல்ல. பில்டரிடமிருந்து எழுத்தில் விளக்கம் வரும்வரை கைமாற்று வாங்கிக்கூட அவருக்கு மேற்கொண்டு பணம் தராதீர்கள். நிறுத்திவைப்பதற்கான காரணத்தை மட்டும் உடனே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

தாமத வட்டியைப் பொறுத்தவரை, வங்கி தந்தாலும் தராவிட்டாலும் தவணையைச் செலுத்துவது வாங்குபவரின் பொறுப்பு என்றே பல கட்டுமான ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அந்த வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால் 'வங்கி தாமதம்' என்ற வாதம் பில்டரிடம் எடுபடாது. ஆனால் முறையான கோரிக்கை வந்த பிறகே வட்டி ஓடத் தொடங்கும். ஒப்பந்தம் கேட்கும் கட்டட வல்லுநரின் சான்று கடிதத்துடன் வந்ததா, அந்தத் தேதியில் தளம் உண்மையாகவே முடிந்திருந்ததா என்று பாருங்கள். இல்லையெனில் பேசாமல் இருக்காமல், கோரிக்கையை மறுத்து உடனே கடிதம் எழுதுங்கள். அமைதியாக இருந்தால் அதை ஒப்புதல் என்று பின்னால் வாதிடுவார்கள்.

எல்லா நிபந்தனைகளும் நிறைவேறியும் வங்கி வெறுமனே காலம் கடத்தியது என்பது அந்த நான்கு பதில்களில் தெரியவந்தால், அப்போது வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, பில்டர் போட்ட வட்டியை இழப்பீடாகக் கேளுங்கள். விடுவிப்பது தன் விருப்பம் என்றொரு வரியை வங்கி காட்டும். காரணமே சொல்லாமல் கிடப்பில் போட அந்த வரி இடம் தராது என்பது என் கருத்து. அதை வாதாட உங்களுக்குத் தேவைப்படுவது தேதிகள்தான். எனவே இனி எதையும் தொலைபேசியில் மட்டும் பேசாமல், பேசிய அன்றே சுருக்கமாக மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.