புரொபேஷன் முடிகிற மாதம்: கூட்டத்துக்கு என்ன கொண்டு போவது?

"கொழும்பில் கணக்கு உதவியாளராகச் சேர்ந்து ஐந்து மாதம். அடுத்த மாதம் கன்ஃபர்மேஷன் மீட்டிங். எப்படித் தயாராவது?"

புரொபேஷன் என்பது வேலையும் ஆளும் பொருந்துகிறதா என்று இரு பக்கமும் பார்க்கும் காலம். கடைசித் தையலுக்கு முன் தையற்காரர் சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொல்வாரே, அதுதான் இந்தக் கூட்டம்: நிரந்தரமாக்கலாம், காலத்தை நீட்டலாம், நிறுத்தலாம்.

முகாமையாளருக்குக் கடைசி இரண்டு மூன்று வாரம்தான் நினைவில் இருக்கும், முதல் மாதத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்பது அநேகமாக மறந்திருக்கும், அதனால் அதை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். நியமனக் கடிதத்தோடு தந்த பணி விவரத்தை எடுத்து, ஒவ்வொரு பொறுப்புக்கும் எதிரே ஒரு சான்று. "நன்றாகச் செய்தேன்" போதாது. "வங்கிக் கணக்கு ஒப்பீட்டை முதல் மாதம் 12ஆம் தேதி முடித்தேன், இப்போது 5ஆம் தேதி" என்றால் யாருக்கும் புரியும். பிழை நடந்திருந்தால் மறைக்க வேண்டாம். ஒரு பற்றுச்சீட்டை இருமுறை பதிந்தீர்களா? அதற்குப் பிறகு என்ன சரிபார்ப்பு வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே, "நான் இன்னும் எதைத் திருத்த வேண்டும்?" என்று கேட்டுவிடுங்கள், அப்போதுதான் திருத்த நேரம் கிடைக்கும். காலத்தை நீட்டினால் காரணம், எத்தனை மாதம், எதைக் காட்ட வேண்டும், மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், நிரந்தரமான பிறகுதான் ஈபிஎஃப் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே உங்கள் 8 சதவீதமும் நிறுவனத்தின் 12 சதவீதமும் கட்டப்பட வேண்டும்.