உப்பா நாற்றை வளர்த்தது?

அன்புள்ள ஐயா,

நாகப்பட்டினம் பக்கத்து உவர் நிலங்களில் நெல் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். அஃபெக்ட், எஃபெக்ட் இரண்டையும் மாற்றிப் போடுகிறேன் என்று வழிகாட்டி பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு வட்டம் போடுகிறார். பிரின்சிபல், பிரின்சிபிள் கதையும் அதேதான். தமிழ்வழியில் படித்ததுதான் காரணமா? மனதில் நிறுத்த ஏதாவது சூத்திரம் உண்டா?

க., திருத்துறைப்பூண்டி

அன்புள்ள க.,

தமிழ்வழிப் படிப்பின் மேல் பழி போடாதீர்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இவற்றைத் தப்பாகத்தான் எழுதுகிறார்கள். பிரின்சிபலைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கல்லூரி முதல்வர், கூட்டுறவுக் கடனின் அசல், உங்கள் புள்ளியியல் அத்தியாயத்தில் வரும் முதன்மைக் கூறு, மூன்றுக்கும் principal தான். கொள்கை, விதி என்றால் மட்டும் principle. அவ்வளவுதான்.

அஃபெக்ட் விஷயம் அப்படியில்லை. தெரிந்த பிள்ளைகளின் ஆய்வேடுகளைப் பல வருடமாகப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். அவர்கள் செய்யும் தவறில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. உப்பால் விளைச்சல் குறைந்தால் affected என்று சரியாக எழுதுகிறார்கள். தொழுவுரத்தால் விளைச்சல் கூடினால் அதே பிள்ளை effected என்று எழுதுகிறது. ஒரு பெண்ணிடம் ஏன் என்று கேட்டேன். "நல்லதுதானே சார் நடந்திருக்கு, அதைப் போய் எப்படி அஃபெக்ட்னு சொல்றது?" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்த பிறகு, எங்கள் தெருவில் ஒரு தென்னைகூட நேராக நிற்கவில்லை. கணக்கெடுக்க வந்தவர்கள் முதலில் கேட்டதே "எத்தனை மரம் அஃபெக்ட் ஆயிருக்கு?" என்றுதான். என் பெரியம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அவரும் அந்தச் சொல்லைத்தான் சொல்லி அழுதார். சம்பா தண்ணீரில் மூழ்கும் வருடமெல்லாம் அதே சொல் திரும்ப வருகிறது. பாதிப்பு, சேதம், நிவாரணம் என்ற வரிசையில் அதுவும் சேர்ந்துவிட்டது. அப்புறம் அதை எடுத்து நன்றாக விளைந்த வயலுக்கு வைக்க எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்?

ஆனால் ஆங்கிலத்தில் அந்த வினைக்கு நல்லது கெட்டது கிடையாது. ஏற்கெனவே இருக்கும் ஒன்றை மாறச் செய்வது, அவ்வளவுதான் பொருள். விளைச்சல் கூடினாலும் affected, குறைந்தாலும் affected. எஃபெக்ட் பெரும்பாலும் பெயர்ச்சொல்: உப்பின் விளைவு, உரத்தின் விளைவு. அது வினையாக வந்தால் இல்லாத ஒன்றை உண்டாக்குவது என்று பொருள் மாறிவிடும். உவர்ப்பு நாற்றின் வளர்ச்சியை effected என்று எழுதினால், உப்புதான் அந்த வளர்ச்சியையே உண்டாக்கியது என்று ஆகிறது. நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளுக்கு இரண்டுமே சரியான சொல், அதனால் சிவப்புக் கோடு வராது. வெளியூர்த் தேர்வாளர் கண்ணில்தான் படும்.

இன்றைக்கே கோப்பைத் திறந்து effected என்று தேடுங்கள். உங்கள் துறையில் அந்த வடிவத்துக்கு அநேகமாக வேலையே இல்லை. வருகிற ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, 'உண்டாக்கியது' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். வாக்கியம் அபத்தமானால் affected என்று மாற்றுங்கள்.

மாற்றியதோடு விட்டுவிடாதீர்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சூத்திரம் கேட்கிறீர்களே தம்பி, எழுத்தைச் சரியாகப் போட்டுவிட்டால் வாக்கியம் சரியாகிவிடுமா? 'உவர்ப்பு விளைச்சலை affected' என்பதில் இலக்கணம் சரி. ஆனால் கூடியதா, குறைந்ததா, எவ்வளவு? ஒன்றும் இல்லை. மூன்று பருவம் சேற்றில் நின்று அறுத்து, எடை போட்டு எடுத்த கணக்கை இப்படி ஒரு சொல்லுக்குள் மறைத்து வைப்பதா? மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும் என்று பாடநூல்களே எண்ணோடு சொல்கின்றன. உங்கள் வயலில் எந்த அளவில் சரிவு தொடங்கியது, ஒரு டெசிசீமென்ஸ் கூடும்போது ஹெக்டேருக்கு எத்தனை கிலோ போனது என்று எழுதுங்கள். 'குறைந்தது' என்ற வினையையே போடுங்கள். உரம் போட்ட பாத்திக்கு 'கூடியது' என்று எழுதுங்கள். அஃபெக்டும் வேண்டாம், எஃபெக்டும் வேண்டாம்.

எஃபெக்ட் உங்களுக்குத் தேவைப்படுவது தலைப்பிலும் அட்டவணையிலும்தான். அங்கெல்லாம் அது பெயர்ச்சொல், குழப்பம் வராது. முடிவுகள் அத்தியாயத்தை இப்படி ஒருமுறை திருத்திவிட்டு, பிறகு வழிகாட்டியிடம் கொடுங்கள்.